கோடில்லாத அட்டவணையும் கொளஞ்சியம்மாளும்

கொளஞ்சியம்மாள் எங்கள் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அவளை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. வந்ததும் வராததுமாக என் மேஜைக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, "அக்கா, இந்த ஃபேன் கழண்டு வுழாதா?" என்று கேட்டாள். பல வருஷமாக அந்த ஃபேனுக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறேன். ஒருநாளும் அதைப் பற்றி யோசித்ததில்லை. அவள் கேட்ட பிறகு யோசிக்காத நாளில்லை.

எங்கள் ஆபீஸ் கள்ளக்குறிச்சியில், ஒரு உரக்கடைக்கு மாடியில் இருக்கிறது. காகிதத்தில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவதுதான் தொழில். பழைய பதிவுகள், ஆஸ்பத்திரி விவரங்கள், பள்ளிக்கூடப் பட்டியல்கள் என்று எது வந்தாலும் வாங்கி ஸ்கேன் செய்து, எக்செல்லில் போட்டுக் கொடுப்போம். முதலாளி தனசேகரன். அவரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். நான் தைலம்மாள், டைப்பிஸ்ட். கொளஞ்சி வருவதற்கு முன் எல்லாவற்றையும் நான்தான் தட்டித் தட்டி ஏற்றினேன். அவள் புரோகிராம் எழுதத் தெரிந்தவள். அவள் வந்ததும் என் வேலை போய்விடும் என்று நான் நினைத்தேன். பிடிக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம், ஃபேன் மட்டுமில்லை.

மணலூர்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. அப்பா மாயவன் கரும்பு வெட்டப் போகிறவர். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. திருக்கோவிலூருக்குப் பஸ்ஸில் போய் வந்து கம்ப்யூட்டர் படித்தாள். எதையும் நம்பாத பெண். டீக்கடைக்காரர் கிளாசைக் கழுவுகிறாரா என்று எட்டிப் பார்ப்பாள். பஸ்ஸில் போர்டு சங்கராபுரம் என்று இருந்தாலும் ஏறுமுன் டிரைவரிடம் கேட்பாள், ஏறிய பிறகு கண்டக்டரிடம் கேட்பாள், உட்கார்ந்த பிறகு பக்கத்து சீட்டுக்காரியிடமும் கேட்பாள். யாராவது அவளைப் பார்த்து "நல்லா இருக்கியா?" என்றால், "ஏன், இன்னாத்துக்குக் கேக்கறீங்க?" என்பாள். அவளுக்கு வரன் பார்க்கிறவர்கள் பாடு பெரும்பாடு என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன். அதற்கும், "யாருனா பாக்கறாங்களா இன்னா? உங்ககிட்ட யாரு சொன்னது?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் நல்ல வேலைக்காரி. அதை மறுக்க முடியாது. அட்டவணைகளைப் பிரிக்க அவள் எழுதிய முதல் புரோகிராம் கோடுகளைத் தேடும். காகிதத்தில் குறுக்கும் நெடுக்கும் அச்சடித்த கோடுகள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடித்து, கட்டம் கட்டமாகப் பிரித்து எக்செல்லில் வைத்துவிடும். நான் அரை நாள் தட்டுவதை அது நான் டீ குடித்து வருவதற்குள் முடித்துவிடும். அப்படியும் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. "மிஷினு செஞ்சத யாருனா பாக்கணும்ணே. நான் எழுதுனதுதான், ஆனா நான் நம்பமாட்டேன்" என்று அண்ணனிடம் சொல்லி, சரிபார்க்கும் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளை அப்புறம்தான் எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் ஒரு கட்டு வந்தது. கல்வராயன் மலை ஊர்களில் உள்ள கிணறுகள், கைப்பம்புகளின் தண்ணீரை ஒரு தொண்டு நிறுவனம் சோதித்திருந்தது. முடிவுகளை நாங்கள் எக்செல்லில் ஏற்றித் தர வேண்டும். குடிக்கக் கூடாத தண்ணீர் என்றால் அந்த வரிசை சிவப்பாகவும் மற்றது பச்சையாகவும் வர வேண்டும். அதை வைத்துக்கொண்டு பெயின்டர் ஒருவர் மலையேறிப் போய்க் கைப்பம்புக்குச் சிவப்போ பச்சையோ அடிப்பார். மலையில் எல்லோருக்கும் படிக்கத் தெரியாது, நிறம் எல்லோருக்கும் தெரியும் என்று அந்த ஏற்பாடு.

காகிதத்தைப் பார்த்ததும் கொளஞ்சியின் முகம் மாறிவிட்டது. அட்டவணையில் ஒரு கோடுகூட இல்லை. ஊர், இடம், மாதிரி எடுத்த தேதி, முடிவு என்று நான்கு பத்திகள். கோட்டுக்குப் பதிலாக ஒரு வரிசைக்குப் பின்னால் லேசான சாம்பல் நிறம், அடுத்த வரிசைக்கு வெள்ளை, மறுபடி சாம்பல் என்று பட்டை பட்டையாக, தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை போயிருந்தது.

"வரி வரியா பிரிச்சுடு. இதுல இன்னா கஷ்டம்?" என்றார் அண்ணன்.

"ஒரு ஊருக்கு முடிவு ஒரே வரில முடியுது. இன்னொரு ஊருக்கு மூணு வரி ஓடுது. வரிக்கு வரி நடுவுல இருக்கற எடவெளியும், வரிசைக்கு வரிசை நடுவுல இருக்கற எடவெளியும் ஒண்ணாத்தான் இருக்குது. பாருங்க" என்று அவள் தாளைத் திருப்பிக் காட்டினாள். "ஊர் பேரு மூணு வரிக்கும் நடுவுல நிக்குது. அப்போ மொத வரி பேருக்கு மேல கெடக்குது. அது இந்த ஊருக்குச் சொன்னதா, மேல இருக்கற ஊருக்குச் சொன்னதான்னு எழுத்த வெச்சுக் கண்டுபுடிக்க முடியாதுண்ணே. பின்னால இருக்கற நெறம் மட்டுந்தான் சொல்லும்."

அதனால் அவள் எழுத்தை விட்டுவிட்டு நிறத்தைத் தேடும் புரோகிராம் எழுதினாள். எழுத்துகளைப் படிக்கிற வேலையை வேறொரு புரோகிராம் பார்த்துக்கொள்ளும். எந்தச் சொல் தாளில் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் அது சொல்லிவிடும். இவளுடையது தாளின் இடது ஓரத்தில், எழுத்தே விழாத இடத்தில், மெல்லிய நாடா மாதிரி ஒரு துண்டை எடுத்துக்கொள்ளும். அதில் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும். எங்கே சாம்பல் வெள்ளையாகிறதோ, எங்கே வெள்ளை சாம்பலாகிறதோ, அங்கே ஒரு வரிசை முடிந்து அடுத்தது தொடங்குகிறது. அந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் இருக்கும் சொற்களெல்லாம் ஒரே ஊருக்கு உரியவை. டைப் அடிக்க மட்டும் தெரிந்த எனக்கே புரிகிற மாதிரி சொன்னாள்.

அத்தோடு விட்டாளா? விடவில்லை. ஒவ்வொரு பட்டைக்குள்ளும் ஒரே ஒரு தேதி இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனையும் வைத்தாள். இரண்டு தேதி வந்தால் இரண்டு வரிசை ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். தேதியே இல்லாவிட்டால் ஒரு வரிசை இரண்டாக உடைந்தது என்று அர்த்தம். கட்டு முழுக்க ஓடி முடிந்தது. ஒரு பட்டைகூடத் தப்பவில்லை. நானும் அங்கங்கே எடுத்துச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அனுப்பிவிட்டோம்.

தீபாவளி நெருங்கும்போது ஒரு நாள் காலை, மலையிலிருந்து ஒருவர் படியேறி வந்தார். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எங்கள் மூன்று பேரையும் மாறி மாறி முறைத்தார். பெயர் சடையன் என்றும், மேல் நாவலூத்தில் தண்ணீர்த் தொட்டி பார்த்துக்கொள்கிறவர் என்றும் சொன்னார்.

"எங்க பம்புக்கு செவப்பு அடிக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

"நாங்க யாரு சொல்றதுக்கு? சோதிச்சவங்க சொன்னாங்க" என்றார் அண்ணன்.

"அந்தப் பெயின்டரு பச்சமுத்து பொண்டாட்டி கீழ் நாவலூத்துக்காரி. அது உங்களுக்குத் தெரியுமா? அவங்க ஊரு பம்புக்குப் பச்சை, எங்களுக்குச் செவப்பு. கேட்டா, கம்ப்யூட்டர்ல வந்தது, கள்ளக்குறிச்சியில போயிக் கேளுங்கன்னு சொல்லிட்டான். அதான் கேக்க வந்தன். எங்க பம்பு பாறைல போட்டது. அந்தத் தண்ணில ஒரு தூசி இருக்காது. கீழூருது பள்ளத்துல கெடக்குது, மழை பேஞ்சா மாட்டுக்கொட்டாய்த் தண்ணி அத்தனையும் அங்கதான் போயி நிக்கும். அது நல்ல தண்ணி, எங்குளுது கெட்ட தண்ணியா? இன்னா நாயம் இது?"

அந்த ஆளை எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. தொட்டி பார்க்கிறவருக்குத் தன் பம்பு சிவப்பாகிவிட்டால் மானம் போனது போலத்தானே? அதற்காக எதையாவது சொல்லுவார் என்று நினைத்தேன். அண்ணனும் அப்படித்தான் நினைத்தார் போலிருக்கிறது. எழுந்து ஜன்னலைத் திறக்கப் போய்விட்டார்.

கொளஞ்சி மட்டும் கேட்டாள். "இப்ப நீங்கல்லாம் எந்தத் தண்ணி குடிக்கறீங்க?"

"வேற எது? மேலூரு முழுக்க கீழூருக்குத்தான் கொடத்தத் தூக்கிக்கினு எறங்குது. எம் பொண்ணு இருசம்மாளே அந்த ஊர்லதான் வாக்கப்பட்டிருக்குது. ஏழு மாச கர்ப்பம். நாலஞ்சு நாளா வயித்தால போயி, எழுந்து நிக்க முடியாம கெடக்குது. அங்க அதுக்கு மட்டுமில்ல, வூட்டுக்கு ஒருத்தர் அப்படித்தான் கெடக்கறாங்க."

"மழைக்காலம் இல்லையா, இதெல்லாம் வர்றதுதான்" என்றேன் நான். சொல்லி வாயை மூடுவதற்குள் கொளஞ்சி அந்தப் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்துவிட்டாள்.

எக்செல்லில் மேல் நாவலூத்துக்கு நேராக இருந்ததை அவள் சத்தமாகப் படித்தாள். "குடிக்க ஏற்றது. குடிக்கக் கூடாது. குளோரின்." நிறுத்தினாள். கீழ் நாவலூத்துக்கு நேராக, "போட்டு மறு பரிசோதனை செய்த பின் பயன்படுத்தலாம்" என்று இருந்தது. இப்படி ஒரு வாசகத்தை எந்த மனுஷனும் எழுத மாட்டான். ஆனால் மனுஷன் யாரும் அதைப் படிக்கவில்லை. "கூடாது" என்ற சொல் வந்தால் சிவப்பு, வராவிட்டால் பச்சை என்று வைத்திருந்தோம். பெயின்டர் நிறத்தைப் பார்த்துவிட்டு டப்பாவைத் திறந்திருக்கிறார்.

கீழூரின் முதல் வரி மேலூரோடு போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவரைக்கும் எனக்கே புரிந்தது. ஆனால் பட்டையை வைத்துப் பிரிக்கும்போது அது எப்படி நடக்கும்? கொளஞ்சி ஒவ்வொருவராகச் சந்தேகப்பட ஆரம்பித்தாள். ஸ்கேன் செய்த பிறகு யாராவது ஃபைலைத் தொட்டார்களா என்றாள். பச்சமுத்துவை எனக்கு முன்பே தெரியுமா என்று என்னைக் கேட்டாள். என்னை! எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏண்டி, நானா அந்த வரியத் தூக்கி மேல வெப்பேன்? மொதல்ல உம் புரோகிராமப் பாரு" என்றேன்.

"அதுமேலயும் சந்தேகந்தான்க்கா. அதையும்தான் பாக்கறேன்" என்றாள் அவள், என் பக்கம் திரும்பாமலே.

புரோகிராம் அந்தப் பக்கத்தில் எங்கெங்கே எல்லை போட்டது என்பதை ஸ்கேன் படத்தின் மேல் கோடாகப் போட்டுக் காட்டச் சொன்னாள். எல்லாக் கோடுகளும் பட்டை மாறுகிற இடத்திலேயே விழுந்தன, ஒன்றைத் தவிர. மேலூரின் சாம்பல் பட்டைக்குக் கீழே விழ வேண்டிய கோடு ஒரு வரி தள்ளி, கீழூரின் வெள்ளைக்குள் விழுந்திருந்தது. அந்த இடத்தில் இடது ஓரத்தைப் பெரிதாக்கினாள். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் கொஞ்ச தூரத்துக்குச் சாம்பலாக இருந்தது. ஓரத்தில் மட்டும். தாளின் நடுவில் பட்டை சரியான இடத்தில்தான் மாறியிருந்தது.

"கறை" என்றாள். "அண்ணே, அசல் காயிதம் எங்க?"

அண்ணன் ஜன்னல் பக்கமிருந்து திரும்பவில்லை. "அதெல்லாம் கட்டி மேல வெச்சாச்சு. இன்னாத்துக்கு இப்ப?"

"எனக்கு வேணும்."

"ஸ்கேன் இருக்குதே, அதப் பாத்தா பத்தாதா?"

இவர் ஏன் மழுப்புகிறார் என்று எனக்கே அப்போது சந்தேகம் வந்துவிட்டது. சடையன் எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டினார். அதைப் பார்த்ததும் அண்ணன் தானே நாற்காலி போட்டு ஏறி, காகிதக் கட்டை எடுத்துக் கொடுத்தார்.

பிரித்துப் பார்த்தால், கட்டின் பக்கவாட்டில் மஞ்சள் பட்டையும் அதன் மேல் குங்குமமும் இருந்தன. ஆயுத பூஜை அன்று மிஷின்கள், ஸ்டேப்ளர், பீரோ என்று எல்லாவற்றுக்கும் மஞ்சள் குழைத்து வைத்த அண்ணன், மேஜை மேல் இருந்த புதுக் கட்டையும் விடவில்லை. அடுக்கி வைத்த தாள்களின் ஓரத்தில் இழுத்துவிட்டார். மஞ்சள் தண்ணீராகக் குழைந்திருந்ததால் மேலே இருந்த சில தாள்களின் ஓரத்தில் ஊறி உள்ளே இறங்கியிருந்தது. மறுநாள் ஃபைல் சின்னதாக இருக்கட்டும் என்று கலர் இல்லாமல் ஸ்கேன் செய்திருக்கிறார். மஞ்சள் சாம்பலாகிவிட்டது. அந்தச் சாம்பலைப் புரோகிராம் பட்டையின் சாம்பல் என்று எடுத்துக்கொண்டது.

கறை மேலூரின் பட்டைக்கு அடியில் தொடங்கி கீழூரின் முதல் வரியோடு முடிந்திருந்தது. கீழூரின் பெயரும் தேதியும் இரண்டாவது வரியில் நின்றதால் அவை இடம் மாறவில்லை. அதனால் தேதிச் சோதனையிலும் மாட்டவில்லை. மஞ்சள் ஊறிய மற்ற தாள்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவற்றில் கறை ஒரே சாம்பல் பட்டைக்குள் அடங்கிவிட்டதால் எதுவும் கெடவில்லை. கெட்டது இந்த ஒரு இடம்.

"சாமி காரியம்மா. வேணும்னா செஞ்சேன்?" என்றார் அண்ணன். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. திட்டவும் ஆசையாக இருந்தது.

கொளஞ்சி அவரைத் திட்டவில்லை. "ஒரு ஓரத்த மட்டும் நம்பினது நான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். இடது ஓரம், வலது ஓரம், பத்திகளுக்கு நடுவே எழுத்தில்லாத இடங்கள் என்று பல துண்டுகளை எடுத்து, ஒவ்வொரு உயரத்திலும் அவற்றில் பெரும்பாலானவை என்ன நிறம் சொல்கின்றனவோ அதையே எடுத்துக்கொள்ளும்படி மாற்றினாள். ஒரு ஓரத்தில் கறை இருந்தாலும் மற்றவை அதை அடக்கிவிடும். திரும்ப ஓட்டினாள். மேல் நாவலூத்து: குடிக்க ஏற்றது. கீழ் நாவலூத்து: குடிக்கக் கூடாது. குளோரின் போட்டு மறு பரிசோதனை செய்த பின் பயன்படுத்தலாம்.

சடையன் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு ஜெயித்த மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தார். அடுத்த நிமிஷமே அவர் முகம் கறுத்துப்போனது. "எம் பொண்ணு" என்றார்.

தொண்டு நிறுவனத்துக்குப் போன் போட்டோம். எழுத்து மூலமாக அனுப்புங்கள், தீபாவளி கழித்து ஆள் போய்ப் பார்ப்பார் என்றார்கள். பச்சமுத்துவின் போன் மலையில் எங்கேயோ கிடந்து எடுக்கவே இல்லை. சடையனின் மருமகனுக்கும் சிக்னல் கிடைக்கவில்லை. "அதுவரைக்கும் அங்க குடிச்சிக்கினுதானே இருப்பாங்க?" என்று சொன்ன கொளஞ்சி, அந்தத் தாளைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவளைத் தனியாக விட எனக்கு மனசில்லை. நானும் கிளம்பினேன். அண்ணன் பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்து, வெள்ளிமலை பஸ்ஸில் எங்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். அன்றைக்கு மட்டும் அது எந்த ஊர் பஸ் என்று அவள் யாரையும் கேட்கவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து கீழ் நாவலூத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. பம்படியில் பச்சைப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. மேலூர்ப் பெண்களும் கீழூர்ப் பெண்களும் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு நின்றார்கள். சடையன் ஓட்டமாக மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

கொளஞ்சி நடந்ததைச் சொன்னாள். இந்தத் தண்ணீர் கெட்டது, மேலூர்த் தண்ணீர்தான் நல்லது, நிறம் மாறிப் போய்விட்டது, தப்பு எங்களுடையது என்று ஒளிக்காமல் சொன்னாள். பம்பு அடித்துக்கொண்டிருந்த சாலம்மாள் என்ற கீழூர்ப் பெண் கையை எடுக்கவே இல்லை.

"யாரு கூட வந்த நீ? சடையன்கூடத்தானே?"

"ஆமாங்க."

"அந்த ஆளு ஊரு பம்பு நல்லதா ஆயிடுச்சு, எங்குளுது கெட்டதா ஆயிடுச்சு. அந்த ஆளே கூட்டிக்கினு வராரு. எங்கள இன்னான்னு நெனச்சிக்கினு இருக்கீங்க?"

கொளஞ்சி தாளை விரித்துச் சாம்பலையும் வெள்ளையையும் மஞ்சள் கறையையும் காட்டினாள். சாலம்மாள் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மஞ்ச தண்ணி பட்டுச்சாம். அதனால கம்ப்யூட்டரு எங்க ஊரு வரியத் தூக்கி அவங்க ஊர்ல வெச்சிடுச்சாம். கேளுங்கடி கதைய" என்றாள்.

பெண்கள் சிரித்தார்கள். மேலூர்ப் பெண்களும்தான். எனக்கு அழுகை வந்தது. அவள் சொன்ன மாதிரிச் சொன்னால் நானும்தான் சிரிப்பேன். அடுத்த குடம் பம்புக்குக் கீழே வந்துவிட்டது. நான் அதைப் பிடித்து இழுத்தேன். ஒரு பெண் என் கையைத் தட்டிவிட்டாள்.

"எங்க பம்புல குடிக்கலாம்னு சொல்றியே, நீ குடிப்பியா?" என்று கேட்டது மேலூர்ப் பெண் ஒருத்தி. "செவப்பு அடிச்ச நாள்லேருந்து நாங்க அதுல வாய் கொப்புளிக்கக்கூட இல்ல. பட்டணத்துலேருந்து வந்து சொல்லிட்டுப் போயிடுவ. நாங்க இல்ல சாவறது?"

"வாங்க, குடிக்கறேன்" என்றாள் கொளஞ்சி.

மேட்டில் ஏறினோம். பின்னாலேயே பெண்கள் குடங்களோடு வந்தார்கள். சாலம்மாளும் வந்தாள், ஏமாற்றுவதைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான். சிவப்புப் பம்பு பாறை மேல் நின்றது. பல நாள் அடிக்காததால் முதலில் காற்றுதான் வந்தது. மேலூர்ப் பெண்ணே அடித்தாள். தண்ணீர் வந்ததும் கொளஞ்சி சிவப்புப் பெயின்டின் மேலேயே ஒரு கையை வைத்துக்கொண்டு, குனிந்து, மறு கையில் பிடித்துக் குடித்தாள். நிறுத்துவாள் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் குடித்தாள். தாவணி முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது.

கொளஞ்சி நிமிர்ந்து வாயைத் துடைத்துக்கொண்டு சாலம்மாளிடம், "இப்ப கீழ வந்து உங்க தண்ணியக் குடிக்கச் சொன்னா, நான் குடிக்க மாட்டேங்க. அவ்ளோதான் எனக்குச் சொல்லத் தெரியும்" என்றாள்.

சாலம்மாள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் தன் குடத்தில் இருந்த தண்ணீரைப் பாறையில் கவிழ்த்துவிட்டு, குடத்தைச் சிவப்புப் பம்புக்குக் கீழே கொண்டுவந்து வைத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாகக் கவிழ்த்தார்கள். கீழே சடையன் தன் மகளை ஒரு ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தது மேட்டிலிருந்து தெரிந்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இருசம்மாளுக்குக் குளுகோஸ் ஏற்றினார்கள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று மறுநாள் தெரிந்தது.

கடைசி பஸ்ஸில் கொளஞ்சி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மலையிறங்கும் திருப்பங்களில் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். திருப்பத்துக்குப் பயப்படுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அவ்ளோ தைரியமா குடிச்ச. இப்ப இன்னாத்துக்குடி பயப்படற?" என்றேன்.

"எல்லை போட்டது சரிக்கா. அது எனக்குத் தெரியும்" என்றாள். "அந்தக் காயிதத்துல இருக்கறதத்தான் நான் சரியாப் படிச்சேன். தண்ணியச் சோதிச்சவன் சரியாச் சோதிச்சானான்னு யாருக்குத் தெரியும்? பாட்டில்ல லேபிள மாத்தி ஒட்டியிருந்தா?"

அத்தனையும் யோசித்துவிட்டுத்தான் அவள் குனிந்து குடித்திருக்கிறாள். அந்த வாரம் முழுக்க அவள் வயிற்றைப் பிடித்தாலே எனக்குப் பகீரென்றது. ஒன்றும் ஆகவில்லை.